காலண்டரின் விலையைக் குறைத்தோம், மெஷினை ஏன் விட்டோம்?

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம் மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் 4,000 காலண்டர்கள் விற்காமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் அடித்து முடிக்க 30 ரூபாய் செலவாகியிருக்கிறது. இனி அவற்றைப் பழைய காகிதக் கடைக்குத்தான் போட முடியும், ஒன்றுக்கு 4 ரூபாய் கிடைக்கும். அடுத்த அறையில் ஓர் ஆப்செட் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு 28 லட்சம். இன்றைக்கே விற்றால் 15 லட்சத்துக்கு மேல் யாரும் தர மாட்டார்கள்.

இரண்டுமே விற்றால் புத்தக மதிப்பைவிடக் குறைவாகப் போகும் பொருள்கள். ஆனால் கணக்காளர் காலண்டர்களின் மதிப்பை 4 ரூபாய்க்கு இறக்குகிறார், மெஷினை 28 லட்சத்திலேயே விட்டுவிடுகிறார். இரண்டும் சரி. ஏன் சரி என்பதைச் சொல்லத் தெரிந்துவிட்டால், கணக்கியல் தேர்வில் ஆண்டுதோறும் வருகிற ஒரு கேள்வி வகை எளிதாகிவிடும். நாலைந்து வரிகளில் ஒரு சூழலைக் கொடுத்து, ‘இங்கே பின்பற்றப்பட்ட கோட்பாடு எது?’ என்று கேட்பார்கள். தெரிவுகள் பெரும்பாலும் நான்கு: முன்னெச்சரிக்கை, அக்ரூவல், தொழில் தொடர்ச்சி, மாறாமை.

இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் பிரிட்டனின் கணக்காளர் அமைப்புகள் வெளியிட்ட எஸ்.எஸ்.ஏ.பி. 2 என்ற தரநிலை, கணக்கின் அடிப்படைக் கோட்பாடுகள் என்று இவற்றைத்தான் பட்டியலிட்டது. 1979இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட ஏ.எஸ். 1 தொடர்ச்சி, மாறாமை, அக்ரூவல் ஆகிய மூன்றை மட்டும் அடிப்படை அனுமானங்கள் என்றது. கணக்கு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியவற்றில் ஒன்றாக முன்னெச்சரிக்கையைத் தனியே வைத்தது. பாடநூலுக்குப் பாடநூல் வரிசை மாறுவது இதனால்தான்.

வரையறைகளை மனப்பாடம் செய்த மாணவர்களும் இந்தக் கேள்வியில் இடறுகிறார்கள். ‘ஒதுக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் முன்னெச்சரிக்கை என்றும், ‘தேய்மானம்’ என்றதும் அக்ரூவல் என்றும் எழுதிவிடுகிறார்கள். கோட்பாட்டைத் தீர்மானிப்பது கணக்குத் தலைப்பு அல்ல, அந்தப் பதிவைச் செய்ததற்கான காரணம். காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் போதும். இது எந்தக் காலத்துக்கு உரியது என்பதுதான் பிரச்சினை என்றால் அக்ரூவல். வருமா வராதா, வந்தால் எவ்வளவு என்ற நிச்சயமின்மைதான் பிரச்சினை என்றால் முன்னெச்சரிக்கை. தொழில் நடக்குமா நின்றுவிடுமா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்றால் தொடர்ச்சி. போன ஆண்டு செய்தபடி இந்த ஆண்டும் செய்தோமா என்பது என்றால் மாறாமை.

நம் அச்சகத்தின் ஓராண்டுக் கணக்கில் இந்த நான்கையும் வைத்துப் பார்ப்போம். முதலாளி தன் நோட்டில் கூட்டிக் கழித்து, 2024-25க்கு 9 லட்சம் ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறார். மெஷினுக்கான தேய்மானத்தை அதில் ஏற்கெனவே கழித்தாகிவிட்டது.

எந்த ஆண்டுக்கு உரியது?

முதலாளியின் நோட்டில் செலவுகளுக்கும் முன்பணங்களுக்கும் பணம் கைமாறிய நாள்தான் கணக்கு. பெரும்பாலான சிறுதொழில்களில் இதுதான் வழக்கம். அக்ரூவல் முறை அந்த நாளைப் பார்ப்பதில்லை. செலவின் பயன் எந்தக் காலத்தில் கிடைத்ததோ, வருமானத்துக்கான வேலை எந்தக் காலத்தில் முடிந்ததோ, அந்தக் காலத்தில் அதை எழுதச் சொல்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு இதில் விருப்பத் தெரிவே கிடையாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128ஆவது பிரிவு, கணக்குகளை அக்ரூவல் அடிப்படையில்தான் வைக்க வேண்டும் என்கிறது.

மார்ச் மாத மின்கட்டணம் 42,000 ரூபாய். கட்டியது ஏப்ரலில் என்பதால் முதலாளியின் நோட்டில் அது ஏறவில்லை. ஆனால் அந்த மின்சாரத்தில் மெஷின் ஓடியது மார்ச்சில். எனவே கொடுபட வேண்டிய செலவாக இந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். லாபம் 8,58,000 ஆகிறது.

அடுத்தது காப்பீடு. அக்டோபர் 1 அன்று ஓராண்டுக்கான பிரீமியம் 60,000 ரூபாயைக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஆறு மாதம்தான் இந்தக் கணக்காண்டுக்குள் வருகிறது. மீதி 30,000 அடுத்த ஆண்டின் செலவு, இப்போதைக்கு அது முன்கூட்டிச் செலுத்திய தொகை. அதைத் திரும்பச் சேர்த்தால் லாபம் 8,88,000. அக்ரூவல் எப்போதும் லாபத்தைக் குறைக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். காலத்தைச் சரியாக வைப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் லாபம் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம்.

மூன்றாவதாக உள்ளது மாணவர்களை அதிகம் ஏமாற்றுவது. ஒரு நகைக்கடை அடுத்த ஆண்டு காலண்டருக்காக மார்ச் மாதமே ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறது. முதலாளி அதை வருமானத்தில் சேர்த்துவிட்டார். கணக்காளர் அதை எடுத்துவிட்டுப் பொறுப்புப் பக்கம் வைக்கிறார். லாபம் 7,88,000 ஆகக் குறைகிறது. ‘வருமானத்தைக் காட்டாமல் அடக்கி வாசித்திருக்கிறார், ஆகவே முன்னெச்சரிக்கை’ என்று பலர் எழுதிவிடுவார்கள். அது தவறு. பணம் வந்தாகிவிட்டது, தொகையும் தெரியும், இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. காலண்டரை இன்னும் அடித்துக் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அந்த வருமானம் அடுத்த ஆண்டுக்கு உரியது. கேள்வி காலத்தைப் பற்றியது, ஆகவே விடை அக்ரூவல்.

வருமா, வராதா?

கிடங்கில் கிடக்கும் அந்த 4,000 காலண்டர்களுக்கு வருவோம். ஒரு ஜவுளிக்கடை 10,000 காலண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஒன்று 50 ரூபாய் என்று பேச்சு. 6,000 காலண்டர்களை எடுத்துக்கொண்டு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அத்துடன் கடை நொடித்துவிட்டது. மீதியை எடுக்க யாரும் வரவில்லை. கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அடித்த காலண்டர் என்பதால் வேறு யாருக்கும் விற்க வழியில்லை.

இந்த ஒரே சம்பவம் கணக்கில் இரண்டு இடங்களைத் தொடுகிறது. முதலாவது சரக்கிருப்பு. விற்பனைக்காக வைத்திருக்கும் சரக்கை அடக்கவிலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் காட்ட வேண்டும். இந்தியாவில் ஏ.எஸ். 2, உலக அளவில் ஐ.ஏ.எஸ். 2 என இரண்டு தரநிலைகளும் இதைத்தான் சொல்கின்றன. அடக்கவிலை 1,20,000. பழைய காகிதமாகப் போட்டால் கிடைப்பது 16,000. வித்தியாசமான 1,04,000 ரூபாயை இந்த ஆண்டே நட்டமாக எழுத வேண்டும். காகிதக் கடைக்கு எடைபோட்டு அனுப்பும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. லாபம் 6,84,000.

இரண்டாவது, அந்தக் கடை தர வேண்டிய பாக்கி. 6,000 காலண்டர்களுக்கு 3 லட்சம் ஆகிறது, கைக்கு வந்தது ஒரு லட்சம், பாக்கி 2 லட்சம். காலண்டரைக் கொடுத்தாகிவிட்டதால் 3 லட்சமும் இந்த ஆண்டின் விற்பனைதான். அக்ரூவல் அப்படித்தான் சொல்லும். ஆனால் பாக்கி முழுவதும் வருமா? கடையின் சரக்கை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், விசாரித்த வரையில் பாதி தேறும் என்று தெரிகிறது. எனவே ஒரு லட்சத்துக்கு ஐயக்கடன் ஒதுக்கு வைக்கிறார் கணக்காளர். லாபம் 5,84,000.

இங்கே அக்ரூவலும் முன்னெச்சரிக்கையும் அடுத்தடுத்து வேலை செய்வதைக் காணலாம். விற்பனையைப் பதிவு செய்தது முதலாவது, அதில் வராமல் போகக்கூடியதைக் கழித்தது இரண்டாவது. இரண்டும் மோதினால் முன்னெச்சரிக்கைக்கே முதலிடம் என்று 1971ஆம் ஆண்டுத் தரநிலை வெளிப்படையாகவே சொன்னது.

முன்னெச்சரிக்கை நட்டத்தையும் லாபத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. அச்சகத்தின் கிடங்கில் 5 லட்சத்துக்கு வாங்கிய காகிதம் இருக்கிறது, அதன் சந்தை விலை இப்போது 6 லட்சமாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லட்சத்தை லாபமாக எழுத முடியாது. காகிதம் காலண்டராகி விற்ற பிறகுதான் அது லாபம். வரக்கூடிய நட்டம் தெரிந்தவுடனேயே கணக்கில் ஏறும், வரக்கூடிய லாபம் கைகூடிய பிறகே ஏறும்.

இதற்கும் எல்லை உண்டு. அந்த ஜவுளிக்கடை பாக்கியில் பாதி வரும் என்று தெரிந்தும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 2 லட்சத்துக்கும் ஒதுக்கு வைத்தால் அது முன்னெச்சரிக்கை ஆகாது. இந்த ஆண்டின் லாபத்தில் ஒரு லட்சம் ஒளிந்துகொள்ளும். அடுத்த ஆண்டு வியாபாரம் மந்தமாக இருக்கும்போது, ‘பாக்கி வசூலாகிவிட்டது, ஒதுக்கு இனித் தேவையில்லை’ என்று அதே ஒரு லட்சம் லாபமாக வெளியே வரும். மோசமான ஆண்டு நல்ல ஆண்டுபோலத் தெரியும். இந்தக் கவலையால்தான் சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் 2010இல் தன் அடிப்படைச் சட்டகத்திலிருந்து முன்னெச்சரிக்கை என்ற சொல்லையே நீக்கியது. 2018இல் திரும்பக் கொண்டுவந்தபோது அதைக் கவனமாக வரையறுத்தது. நிச்சயமற்ற நிலையில் முடிவெடுக்கும்போது எச்சரிக்கையாக இருப்பதே அதன் பொருள் என்றும், சொத்தையும் வருமானத்தையும் வேண்டுமென்றே குறைத்துக் காட்ட அது இடம் தரவில்லை என்றும் விளக்கியது.

நாளைக்கும் மெஷின் ஓடுமா?

இப்போது மெஷின். வாங்கிய விலை 40 லட்சம். பத்தாண்டு உழைக்கும், அதற்குப் பின் மதிப்பு இராது என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு 4 லட்சம் தேய்மானம் கழிக்கிறார்கள். மூன்றாண்டு ஆகிவிட்டது, ஆகவே புத்தகத்தில் 28 லட்சம். காலண்டரின் மதிப்பைக் குறைத்ததைப் பார்த்த முதலாளிக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். அந்த உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

“தம்பி, இந்த மெஷினை இன்னைக்கு வித்தா பதினஞ்சு லட்சம்தான் தேறும். அதையும் குறைச்சு எழுதிரலாமா?”

“மெஷினை விக்கிற யோசனை இருக்கா அண்ணாச்சி?”

“அதை வித்துட்டு நான் எதுல காலண்டர் அடிக்க?”

“அப்ப குறைக்க வேண்டாம் அண்ணாச்சி.”

தொழில் தொடர்ச்சிக் கோட்பாடு இந்த நாலு வரியில் முழுமையாக இருக்கிறது. காலண்டர் விற்பதற்காக அடித்தது, எனவே விற்றால் என்ன வரும் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. மெஷின் ஓட்டுவதற்காக வாங்கியது. இன்னும் ஏழாண்டு அது காலண்டர் அடித்துத் தரப்போகிறது என்றால், இன்றைய பழைய மெஷின் சந்தையில் என்ன விலை போகும் என்பது பொருட்டே இல்லை. ஏழாண்டும் அச்சகம் நடக்கும் என்ற அனுமானம் இருப்பதால்தான் 40 லட்சத்தைப் பத்தாகப் பிரிக்கவே முடிகிறது.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. காலண்டர் ஆர்டர்கள் பாதியாகிவிட்டன, மீதியுள்ள ஏழாண்டிலும் மெஷின் சம்பாதித்துத் தரக்கூடியது 28 லட்சத்துக்குக் குறைவுதான் என்று தெரிந்தால், தொழில் நடந்துகொண்டிருந்தாலும் மதிப்பைக் குறைத்தே ஆக வேண்டும். விற்றாலும் 28 லட்சம் வராது, ஓட்டினாலும் வராது என்ற நிலை அது. ஒரு சூழலில் அப்படியொரு செய்தி கொடுத்திருந்தால் விடை முன்னெச்சரிக்கையின் பக்கம் சாயும். மறுவிற்பனை விலை குறைவு என்று மட்டும் சொல்லியிருந்தால், தொடர்ச்சி.

முதலாளி வயதாகிவிட்டதென்று ஜூன் மாதம் அச்சகத்தை மூடப்போகிறார் என்று வையுங்கள். அப்போது கணக்கின் அடித்தளமே மாறிவிடும். மெஷின் 15 லட்சத்துக்கு இறங்கும். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டில் திரும்பக் கிடைப்பது எவ்வளவோ அதுதான் மிஞ்சும். தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய பணிக்கொடை முழுவதும் உடனடிப் பொறுப்பாகும். ஏ.எஸ். 1 சொல்வது இது: மூன்று அடிப்படை அனுமானங்களையும் பின்பற்றினால் அதைத் தனியே குறிப்பிட வேண்டியதில்லை, எதையாவது பின்பற்றவில்லையென்றால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

மூடுவதாக யாரும் சொல்லாதபோதும் ஆபத்து இருக்கலாம். தணிக்கையாளர்கள் அதற்கான அறிகுறிகளைத் தேடுகிறார்கள். தொடர் நட்டம், வங்கித் தவணை தவறுவது, கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் திடீரென ரொக்கம் கேட்பது, முக்கியமான வாடிக்கையாளர் போய்விடுவது போன்றவை அவை. சர்வதேசத் தரநிலைப்படி, கணக்காண்டு முடிந்ததிலிருந்து குறைந்தது 12 மாதங்களை முன்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் கரிலியன் என்ற பெரும் கட்டுமான நிறுவனத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டுக் கணக்கை 2017 மார்ச்சில் வெளியிட்டபோது அது லாபத்தில் இயங்கும் நிறுவனமாகத்தான் தெரிந்தது, பங்கு ஆதாயமும் கொடுத்தது. நான்கே மாதத்தில், 2017 ஜூலையில், ஒப்பந்தப் பணிகளில் 84.5 கோடி பவுண்டு தேறாது என்று அறிவித்தது. 2018 ஜனவரி 15 அன்று கலைப்புக்குப் போனது. வாடிக்கையாளர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாத தொகைகளையும் வருமானமாக எண்ணியிருந்தது அங்கே நடந்த கோளாறுகளில் முக்கியமானது. ‘வருமா’ என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்காததால், ‘நாளைக்கு நிறுவனம் இருக்குமா’ என்ற கேள்விக்கும் தவறான விடை கிடைத்தது. அதைத் தணிக்கை செய்த கே.பி.எம்.ஜி.க்கு 2023இல் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு 2.1 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

போன ஆண்டு எப்படி?

நான்காவது கோட்பாட்டுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேண்டும். சூழலில் ‘சென்ற ஆண்டு’, ‘வழக்கமாக’, ‘இதுவரை’, ‘முறையை மாற்ற’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் மாறாமை.

நம் அச்சகம் காகிதம் வாங்கிய கணக்கு இது. முதலில் 200 ரீம், ரீம் 1,000 ரூபாய். பிறகு 200 ரீம், ரீம் 1,200 ரூபாய். 250 ரீம் செலவாகி 150 ரீம் மிச்சம். மிச்சத்தின் மதிப்பு என்ன? முதலில் வந்தது முதலில் செலவாகிறது என்று கொண்டால், மிச்சம் இருப்பது எல்லாம் 1,200 ரூபாய்க் காகிதம். மதிப்பு 1,80,000. சராசரி விலையில் கணக்கிட்டால் ரீம் 1,100 ரூபாய், மதிப்பு 1,65,000. இரண்டு முறையும் ஏற்கத்தக்கவையே. அச்சகம் இதுவரை சராசரி முறையைத்தான் பின்பற்றி வந்திருக்கிறது. இந்த ஆண்டு முதலாளி முதல் முறைக்கு மாறிவிட்டார். இறுதிச் சரக்கிருப்பு 15,000 கூடுவதால் லாபமும் 15,000 கூடிவிட்டது.

ஒரு காலண்டர்கூட அதிகமாக விற்கவில்லை, ஒரு ரூபாய்கூட அதிகமாக வரவில்லை. முறையை மாற்றியதால் மட்டுமே வந்த லாபம் அது. கடன் கொடுக்கும் வங்கி இரண்டு ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அச்சகம் வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கணக்காளர் பழைய முறைக்கே திரும்புகிறார். லாபம் 5,69,000.

முறையை மாற்றவே கூடாது என்பதில்லை. சட்டமோ தரநிலையோ கேட்டால் மாற்றலாம், தொழிலின் நிலையைப் புது முறை இன்னும் சரியாகக் காட்டும் என்றாலும் மாற்றலாம். ஆனால் மாற்றியதையும், அதனால் லாபம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதையும் கணக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, மாறாமை என்பது ஒரே நிறுவனத்தின் ஆண்டுகளுக்கு இடையில் பார்ப்பது. பக்கத்துத் தெரு அச்சகம் வேறு முறையைப் பின்பற்றுகிறது என்பதால் இந்தக் கோட்பாடு மீறப்படுவதில்லை.

முதலாளி நோட்டில் இருந்த 9 லட்சம் இப்போது 5,69,000 ஆகியிருக்கிறது. வங்கியிடம் எவ்வளவு கடன் கேட்கலாம், வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அவர் முடிவு செய்யத் தக்க எண் இதுதான். 3,31,000 ரூபாய் வித்தியாசத்தில் எந்தத் திருட்டும் இல்லை, கூட்டல் பிழையும் இல்லை. நான்கு கேள்விகளைக் கேட்காமல் விட்டதன் விளைவு மட்டுமே.

ஒரே மெஷின், மூன்று விடைகள்

மெஷினை இன்னொரு முறை பாருங்கள். 40 லட்சத்தை வாங்கிய ஆண்டிலேயே செலவாக எழுதாமல் பத்தாண்டுக்குப் பிரித்தது, ஒவ்வோர் ஆண்டின் வருமானத்துக்கும் அந்தந்த ஆண்டின் பங்கைச் சேர்ப்பதற்காக. அது அக்ரூவல். 15 லட்சம் என்ற சந்தை விலைக்கு இறக்காமல் 28 லட்சத்தில் வைத்திருப்பது தொடர்ச்சி. ஆண்டுக்கு ஆண்டு ஒரே தேய்மான முறையைப் பின்பற்றுவது மாறாமை. தேய்மானம் என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று விடைகள் இருக்கின்றன. சூழலில் எந்தக் காரணத்தை எடுத்துச் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

இனிச் சில சூழல்களை நீங்களே முயன்று பாருங்கள்.

1. ஒரு வார இதழ் ஓராண்டுச் சந்தாவை ஜனவரியில் மொத்தமாக வாங்குகிறது. மார்ச் 31 வரைக்கான பங்கை மட்டும் வருமானமாகக் காட்டுகிறது.

2. ஒரு பட்டறையின் வார்ப்பு அச்சுகளை வெளியே விற்றால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். இருந்தும் வாங்கிய விலையில் தேய்மானம் போக மீதியைக் காட்டுகிறது.

3. ஒரு நிறுவனத்தின் மீது 3 லட்சம் கேட்டு ஒரு வழக்கு, அந்த நிறுவனம் இன்னொருவரிடம் 5 லட்சம் கேட்டுப் போட்ட வழக்கு ஒன்று. முதல் வழக்கில் தோற்பதற்கும் இரண்டாவதில் ஜெயிப்பதற்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார் வழக்கறிஞர். கணக்கில் 3 லட்சம் பொறுப்பு ஏறுகிறது, 5 லட்சம் வருமானம் ஏறவில்லை.

4. கடனாளிகளின் பாக்கியில் ஆண்டுதோறும் 5 சதவீதம் ஒதுக்கு வைத்துவந்த ஒரு மொத்த வியாபாரி, இந்த ஆண்டு லாபம் குறைவு என்பதால் அதை 2 சதவீதமாக்கச் சொல்கிறார். கணக்காளர் மறுக்கிறார்.

முதலாவது அக்ரூவல். பணம் வந்துவிட்டது, எந்தக் காலத்துக்கு உரியது என்பதே கேள்வி. இரண்டாவது தொடர்ச்சி. விற்கப் போவதில்லை, ஓட்டப் போகிறோம். மூன்றாவது முன்னெச்சரிக்கை. இரண்டு வழக்கும் முடியவில்லை, இரண்டிலும் நிச்சயமின்மை இருக்கிறது, ஆனால் நட்டத்தை மட்டும் முன்னதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவதில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஒதுக்கு என்ற சொல் இருப்பதால் முன்னெச்சரிக்கை என்று எழுதத் தோன்றும். ஒதுக்கு வைப்பது ஏன் என்று கேட்டிருந்தால் அந்த விடை சரி. இங்கே கேட்பது, வழக்கமான விகிதத்தை ஏன் மாற்றக் கூடாது என்பது. கடனாளிகள் முன்பைவிட ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்கள் என்ற ஆதாரம் இருந்தால் விகிதத்தைக் குறைக்கலாம். லாபம் குறைந்துவிட்டது என்பது அதற்கு ஆதாரம் ஆகாது. எனவே மாறாமை.

விடை எழுதும்போது கோட்பாட்டின் பெயரோடு நின்றுவிடாமல், ‘ஏனெனில்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தையும் சேருங்கள். அதில் சூழலில் உள்ள ஒரு குறிப்பு இருக்க வேண்டும்: ‘இதழ்களை இன்னும் அனுப்பவில்லை’, ‘அச்சுகள் விற்பனைக்கு அல்ல’, ‘முன்பு 5 சதவீதம் வைத்திருந்தார்கள்’ என்பதுபோல. அப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லையென்றால், தேர்ந்தெடுத்த கோட்பாடு தவறாக இருக்கலாம். அந்த நான்கு கேள்விகளோடு சூழலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.